ஃப்ரிட்ஜ்ல வச்ச வாழைப்பழம் ஒரே ராத்திரில கரி மாதிரி ஆயிடுச்சு, இது நோயா? போட்டோ போட்டிருக்கேன், பாத்து சொல்லுங்க

கோவை_கயல்
வணக்கம் எல்லாருக்கும். திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு சீப்பு ரோபஸ்டா வாங்கினேன், மொத்தம் 14 பழம், நல்ல மஞ்சள், நுனில மட்டும் லேசா பச்சை. அடுத்த நாள் ஊருக்கு கெளம்ப வேண்டியிருந்துச்சு, கெட்டுப்போயிடுமேன்னு 8 பழத்தை அப்படியே ஃப்ரிட்ஜ் நடுத்தட்டுல வச்சேன், மிச்சம் 6 கிச்சன் மேடைல ஒரு தட்டுல இருந்துச்சு. வியாழன் ராத்திரி திரும்பி வந்து பாத்தா ஃப்ரிட்ஜ்ல இருந்தது எல்லாம் ஒரு மாதிரி சாம்பல் கலர்ல மங்கிப்போய் இருந்துச்சு, சரின்னு வெளிய எடுத்து வச்சேன், காலைல எழுந்து பாத்தா முழுசா கறுப்பு. படம் 1 அதுதான். படம் 2 மேடைல இருந்த பழம், அதுல பொட்டு பொட்டா இருக்கு, ரெண்டு பழத்துல பெரிய கறை மாதிரியும் இருக்கு. ரெண்டும் ஒரே நோயா? கொல்லைல 3 பூவன் மரம் நிக்குது, அதுக்கு பரவிடுமோன்னு பயமா இருக்கு. குழந்தைக்கு குடுக்கலாமா?

[படம் 1] [படம் 2]

சேலம்_செந்தில்
பாத்தவுடனே தெரியுது, கார்பைட் கல்லு வச்சு பழுக்க வச்ச பழம். நுனி பச்சையா இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. உள்ள பழுக்காம வெளிய மட்டும் மஞ்சளாகும், அப்புறம் ரெண்டே நாள்ல இப்படித்தான் கறுக்கும். குழந்தைக்கு குடுக்காதீங்க, மொத்தத்தையும் தூக்கி போடுங்க.

அடுப்படி_அகிலா
அப்படி எல்லாம் இல்லைங்க. குளிர்ல வச்சா வாழைப்பழம் சீக்கிரமா பழுத்துடும், அந்த மூடின பெட்டிக்குள்ள வர்ற கேஸ் வெளிய போக வழி இல்லாம அதுலயே சுத்தி சுத்தி ஓவரா பழுத்துடும், அதான் கறுப்பு. நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், உரிச்சா உள்ள நல்லாத்தான் இருக்கும், தாராளமா சாப்பிடலாம். எந்த வாழைப்பழமா இருந்தாலும் இதுதான் கதை.

பழமண்டி_ரவி
நான் 11 வருஷமா பழுக்க வைக்கிற ரூம் பாத்துக்கிறேன், வாழை மட்டும்தான். அகிலா அக்கா சொன்னதுல பாதி சரி, உள்ள நல்லா இருக்கும்ங்கிறது சரி. ஆனா பழுத்ததால கறுத்துச்சுங்கிறது இல்ல. குளிர் பழுக்கிறதை நிறுத்தத்தான் செய்யும், வேகப்படுத்தாது. இது குளிர் அடிச்ச தோல். பழுக்கிறது வேற, தோல் சாகிறது வேற.

எங்க ரூம்ல கூலரை 13 டிகிரிக்கு கீழ எறங்க விடவே மாட்டோம். ஒரு தடவை ராத்திரி தெர்மோஸ்டாட் மாட்டிக்கிட்டு 9 டிகிரிக்கு எறங்கிடுச்சு, காலைல காயை பாத்தா ஒண்ணும் தெரியல, பச்சையாத்தான் இருந்துச்சு. பழுக்க வைக்கிற எத்திலீன் கேஸ் குடுத்து 4 நாள் கழிச்சு வெளிய எடுத்தப்ப மஞ்சளே வரல, பழைய பித்தளை பாத்திரம் தேய்க்காம விட்டா எப்படி இருக்கும், அந்த கலர். ஒருத்தரும் எடுக்கல. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி இருக்கும், அதுல மூணு நாள்னா தோல் தாங்கவே தாங்காது.

ஆனா படம் 1ஐ பாத்து ஃப்ரிட்ஜ் கறுப்புன்னு நான் தைரியமா சொல்ற மாதிரி படம் 2ஐ பாத்து சொல்ல முடியல. டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்திருக்கீங்க, மஞ்சளே பச்சையா தெரியுது, பொட்டு எல்லாம் கரைஞ்சு போயிருக்கு. கொஞ்சம் வேலை செய்யணும், செய்வீங்களா? ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல, பக்கத்துல ஒரு வெள்ளை பேப்பர் வச்சு எடுங்க, பேப்பர் வெள்ளையா தெரிஞ்சாத்தான் பழத்தோட கலரை நம்பலாம். சீப்போட அடிக்கட்டை தெரியுற மாதிரி ஒண்ணு, நுனி தெரியுற மாதிரி ஒண்ணு. அப்புறம் முக்கியமா, அந்த பெரிய கறை இருக்கிற பழத்தை இருட்டுல வச்சு போன் டார்ச்சை பக்கவாட்டுல பழத்தோட ஒட்டி அடிச்சு எடுங்க. கறை பள்ளமா இருந்தா ஓரத்துல நிழல் விழும். நேரா ஃப்ளாஷ் போட்டா பள்ளம் தெரியவே தெரியாது.

தேனி_மாரிமுத்து
என் தோட்டத்துலயும் இதே மாதிரி கருப்பு விழுகுது அண்ணே, இலைல ஓரத்துல இருந்து கோடு கோடா வந்து அப்புறம் காய்ஞ்சு போகுது, ஜி9 ரகம்தான் போட்டிருக்கேன், 900 மரம். இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பழமண்டி_ரவி
மாரிமுத்து அண்ணே, உங்களது இலைப்புள்ளி மாதிரி தெரியுது, இங்க பேசுறது பறிச்ச பழத்தோட தோலை. திருச்சில வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு, இலையை எடுத்துட்டு போய் காட்டுங்க, இல்லன்னா படத்தோட தனி இழை போடுங்க, வயல் விஷயம் தெரிஞ்சவங்க வருவாங்க. கலந்து பேசினா ரெண்டும் குழம்பிடும்.

செந்தில், கார்பைட் தடை செஞ்சது, ஆபத்தானது, அதுல மாத்துக்கருத்தே இல்ல. ஆனா போட்டோவை பாத்து கார்பைட்னு யாராலயும் சொல்ல முடியாது. நுனி பச்சைங்கிறது அடையாளமே இல்ல. 16, 18 டிகிரில எத்திலீன் குடுத்து முறையா பழுக்க வச்ச ரோபஸ்டா கடைக்கு போறப்பவே நுனி பச்சையாத்தான் இருக்கும், நாங்களே அந்த பதத்துலதான் ஏத்துவோம், கடைல ஒரு நாள்ல முழு மஞ்சள் ஆயிடும். அதே ரோபஸ்டாவை வெயில் காலத்துல ரூம் இல்லாம சும்மா பழுக்க விட்டா உள்ள கனிஞ்சிடும், தோல் பச்சையாவே நிக்கும். நம்ம ஊர்ல அதுக்கு பச்சைப்பழம்னே பேரு. தோல் கலர் ஒண்ணு சொல்லும், உள்ள இருக்கிறது ஒண்ணு சொல்லும், இந்த இழை முழுக்க அதுதான் பிரச்சனை.

சேலம்_செந்தில்
நுனி பச்சை பத்தி சொன்னது எனக்கு புதுசு. ஆனா கடைக்காரங்க எல்லாரும் ரூம்ல வைக்கிறாங்கன்னு நான் நம்பல. போட்டோல தெரியாதுன்னா, இல்லைன்னும் சொல்ல முடியாதுல்ல.

பழமண்டி_ரவி
ஆமா, இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா இந்த கறுப்புக்கு அது காரணம் இல்ல. ஒரே சீப்புல 8 பழம் முழு கறுப்பு, 6 பழம் மஞ்சள்ல பொட்டு. கல்லுதான் காரணம்னா 14ம் ஒரே மாதிரி ஆகியிருக்கணும். ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல ஒரே வித்தியாசம் ஃப்ரிட்ஜ்.

யாழ்_வாழைத்தோட்டம்
எங்கட வீட்டிலயும் இதரை, கப்பல் வாழைப்பழம் ரெண்டும் பிரிட்ஜில வச்சு இப்படி கறுத்திருக்கு. எனக்கொரு சந்தேகம், ரவி அண்ணா. உள்ளுக்குள்ள இருக்கேக்க சாம்பலாத்தான் இருந்தது, வெளிய எடுத்த பிறகுதான் கறுத்ததெண்டு கயல் அக்கா எழுதியிருக்கிறா. குளிர்தான் காரணமெண்டால் குளிருக்குள்ளயே எல்லோ கறுத்திருக்க வேணும்?

பழமண்டி_ரவி
நல்ல கேள்வி. வாழைக்காய் நறுக்கி பொரியல் பண்றப்ப தண்ணிலயோ மோர்லயோ போடுவீங்கல்ல, போடலன்னா அஞ்சு நிமிஷத்துல கறுக்குதே, அதே சமாச்சாரம்தான் இதுவும். தோலோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கறுக்குற பொருள் ஒரு அறைல இருக்கு, அதை கறுக்க வைக்கிற என்சைம் இன்னொரு அறைல இருக்கு. வாழைத்தோல்ல அந்த பொருள், டோபமின்னு சொல்றது, நிறையவே இருக்கு. கத்தி வச்சா அறை உடைஞ்சு ரெண்டும் கலக்குது. குளிர்ல கத்தி இல்லாமலே அந்த அறையோட சுவர் கெட்டிப்பட்டு ஓட்டை விழுது. ஆனா கலந்ததும் வேலை நடக்க சூடும் காத்தும் வேணும். 4 டிகிரில அந்த என்சைம் மெதுவாத்தான் ஓடும், வெளிய 30 டிகிரிக்கு வந்ததும் ஒரே ஓட்டம். அதான் சேதம் ஃப்ரிட்ஜ்ல நடந்துச்சு, கறுப்பு வெளிய வந்துச்சு. சதைல அந்த பொருள் தோலை விட ரொம்ப கம்மி, அதான் உள்ள வெள்ளையா நிக்குது.

கோவை_கயல்
இவ்வளவு பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி அண்ணா. சொன்ன மாதிரியே எடுத்திருக்கேன். படம் 3 கறுப்பு பழம் ஒண்ணை நெடுக்க வெட்டினது, தோல் கரி மாதிரி இருக்கு, சதை பாத்தீங்களா அப்படியே பால் வெள்ளை, கத்தி வச்சா கொழகொழன்னு இல்ல, கெட்டியாத்தான் இருந்துச்சு, நான் ஒரு துண்டு தின்னு பாத்தேன், இனிப்பு குறையல, திங்கக்கிழமை எப்படி இருந்துச்சோ கிட்டத்தட்ட அதே பதம். தோலோட உள்பக்கம் மட்டும் லேசா பழுப்பு கோடு ஓடுது. படம் 4 மேடை பழம், டார்ச் பக்கவாட்டுல அடிச்சது. நாலு பழத்துல இருக்கிற சின்ன பொட்டுக்கு நிழலே விழல. ஆனா அந்த ரெண்டு பழத்துல பெரிய கறைக்கு ஒரு பக்கம் நிழல் விழுது, விரலால தடவினாலும் குழி தெரியுது. படம் 5 அடிக்கட்டை.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் ஊர்ல இல்லாதப்ப அம்மா கொல்லைல இருந்து பூவன் 4 காய், நல்ல பச்சை, பறிச்சு அதையும் ஃப்ரிட்ஜ்ல போட்டிருக்காங்க. செவ்வாய்ல இருந்து உள்ள இருக்கு. அதை இப்ப பழுக்க வைக்கலாமா?

[படம் 3] [படம் 4] [படம் 5]

பழமண்டி_ரவி
இப்ப தெளிவா பேசலாம்.

படம் 1, 3: குளிர் கறுப்பு, சந்தேகமே இல்ல. கறுப்பு ஒரே சீரா பழம் முழுக்க பரவியிருக்கு, இங்க ஆரம்பிச்சு இங்க முடியுதுன்னு ஒரு ஓரம் கிடையாது, எட்டு பழமும் ஒரே மாதிரி. நோய் அப்படி வராது, ஒரு எடத்துல ஆரம்பிச்சு பரவும், ஒரு பழத்துல நிறையவும் இன்னொண்ணுல கொஞ்சமாவும் இருக்கும். நீங்க பாத்த பழுப்பு கோடும் குளிரோட கையெழுத்துதான், தோலுக்கு அடியில ஓடுற நரம்பு முதல்ல பழுப்பாகும். சாப்பிடலாம், குழந்தைக்கும் குடுக்கலாம், ஆனா இனிமே வெளிய வச்சுட்டு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, தோல் செத்துப்போச்சுன்னா பூஞ்சை ஈஸியா உள்ள போகும். இன்னைக்கு நாளைக்குள்ள முடிச்சிடுங்க, இல்ல உரிச்சு ஃப்ரீசர்ல போடுங்க.

படம் 4ல நிழல் விழாத சின்ன பொட்டு, அது பழுத்ததோட அடையாளம். ரோபஸ்டா நல்லா கனிஞ்சா அப்படி பொரிப் பொரியா வரும், தோல்லயே நிக்கும், அப்பதான் இனிப்பு உச்சத்துல இருக்கும்.

நிழல் விழுற கறை எனக்கு ஆந்த்ராக்னோஸ்ங்கிற பூஞ்சை நோய் மாதிரி படுது. அது கடைலயோ உங்க வீட்டுலயோ வந்தது இல்ல, காய் மரத்துல பச்சையா இருக்கிறப்பவே ஒட்டிக்கும், பழுக்குற வரைக்கும் தோலுக்கு அடியில சும்மா உக்காந்திருக்கும், பழுத்து தோல் எளகினதும் எந்திரிக்கும். அடிக்கட்டை படத்துல சுத்தமாத்தான் இருக்கு, அங்க கறுத்து பூஞ்சை பூத்திருந்தா அது அடி அழுகல், வேற. நுனிலயும் சுருட்டு சாம்பல் மாதிரி இல்ல, அதனால நுனி அழுகலும் இல்ல.

ஆனா சொல்லிடுறேன், "மாதிரி படுது"ங்கிறதுக்கு மேல போட்டோல போக முடியாது. அடிபட்ட எடமும் கறுத்து கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும். உறுதி பண்ண ஒரு வழி இருக்கு. அந்த ரெண்டுல ஒண்ணை மூடி போட்ட டப்பால வச்சு, கூட ஈர டிஷ்யூ ஒண்ணு போட்டு, வெளியவே ரெண்டு நாள் விடுங்க. கறை நடுவுல ஆரஞ்சும் ரோஸும் கலந்த மாதிரி பிசுபிசுன்னு முத்து முத்தா வந்தா ஆந்த்ராக்னோஸ்தான். அடிபட்டதுன்னா அந்த கலர்ல எதுவும் பூக்காது, சும்மா எளகி பழுப்பாகும். ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, பூஞ்சையும் தூங்கிடும்.

பச்சை பூவன்தான் எனக்கு கவலையா இருக்கு. அகிலா அக்கா எந்த பழமா இருந்தாலும் இதே கதைன்னாங்கல்ல, அங்கதான் மாறுது. பழுத்த பழத்துக்கு குளிர்ல தோல் மட்டும்தான் போகுது. காயை வச்சா பழுக்கிற வேலையே கெட்டுப்போகும், மாவு சர்க்கரையா மாறாது. அதை வெளிய எடுத்து வச்சு பாருங்க, என்ன ஆகுதுன்னு எழுதுங்க.

அடுப்படி_அகிலா
சரிங்க தம்பி, நான் காயா இருக்கும்போது வச்சதே இல்ல, எப்பவும் பழுத்ததுதான் வைப்பேன், அதனால எனக்கு தெரியல. ஆனா பாலிதீன் கவர்ல சுத்தி வச்சா அவ்வளவு கறுக்கல, இது நானே ரெண்டு பழம் கவர்ல, ரெண்டு சும்மான்னு வச்சு பாத்தது. அது நிஜமா இல்ல என் பிரமையா?

பழமண்டி_ரவி
நிஜம்தான் அக்கா. கவருக்குள்ள காத்து கம்மி, ஈரம் அதிகம், அதனால கறுப்பு மெதுவா வரும். ஆனா குளிர் அடிச்சது அடிச்சதுதான், தள்ளிப்போகும், நிக்காது. பச்சைக் காய்க்கு கவர் போட்டும் நம்ப முடியாது.

பள்ளி_ஆய்வகம்_திலகா
நான் ஸ்கூல்ல லேப் பாத்துக்கிறேன். கயல், பூவன்ல மாவு சர்க்கரையாச்சான்னு வீட்டுலயே பாக்கலாம். மெடிக்கல் ஷாப்ல புண்ணுக்கு போடுற போவிடோன் அயோடின் வாங்கி, ஒரு ஸ்பூனுக்கு அஞ்சு ஸ்பூன் தண்ணி கலந்துக்கோங்க, வட்டமா வெட்டின துண்டு மேல சொட்டு விடுங்க. மாவு இருந்தா கருநீலமா மாறும், இல்லன்னா அயோடினோட பழுப்பு கலரே நிக்கும். பக்கத்துலயே நல்லா பழுத்த பழத்துண்டு ஒண்ணு வச்சுக்கோங்க, அப்பதான் ஒப்பிட முடியும். சொட்டு விட்ட துண்டை கண்டிப்பா குப்பைல போடணும், குழந்தை கைக்கு எட்டாம பாத்துக்கோங்க.

கோவை_கயல்
மூணு நாள் கழிச்சு வர்றேன், எல்லாம் செஞ்சாச்சு.

டப்பா: ரெண்டாவது நாள் ராத்திரி திறந்தேன். கறை ரெண்டு மடங்கு பெருசாகியிருந்துச்சு, பக்கத்துல இருந்த சின்ன கறையோட சேந்து ஒண்ணா ஆயிடுச்சு, நடுவுல சால்மன் மீன் துண்டு இருக்கும்ல அந்த கலர்ல சின்ன சின்ன ஈரப் புள்ளி, குண்டூசி தலை அளவு. படம் 6ல பாருங்க. வெட்டி பாத்தேன், கறைக்கு நேரா கீழ சதை ஒரு விரற்கடை அளவு கொழகொழன்னு ஆகி புளிச்ச வாடை அடிச்சுது. தூக்கி போட்டுட்டேன்.

பூவன்: வெள்ளிக்கிழமை எடுத்து வெளிய வச்சது இன்னைக்கு வரைக்கும் மஞ்சளே வரல. பச்சை போய் அழுக்கு பழுப்பு, அழுத்தினா கல்லு மாதிரி. அதே தார்ல மரத்துலயே விட்டிருந்த சீப்புல இருந்து ஒண்ணு செவ்வாய் அன்னைக்கே பறிச்சு அம்மா அரிசிப் பானைல போட்டிருந்தாங்க, அது நேத்தே பழுத்துடுச்சு, அதையே ஒப்பிட எடுத்துக்கிட்டேன். திலகா மேடம் சொன்ன மாதிரி அயோடின் விட்டேன், படம் 7 அதுதான். அரிசிப் பானை பழம் ஓரமெல்லாம் பழுப்பாவே நின்னுச்சு, நட்ட நடுவுல மட்டும் லேசா நீலம். ஃப்ரிட்ஜ் காய் விட்ட உடனே மை கொட்டின மாதிரி முழு வட்டமும் கருநீலம். ரெண்டும் ஒரே தார், ஒரே நாள் பறிச்சது. மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, அம்மா அவ்வளவு ஆசையா வளத்த மரம். மிச்ச மூணு காயை பொரியலுக்கு எடுத்துக்கிட்டாங்க, தோல் சீவினப்ப அடியில பழுப்பு கோடு கோடா இருந்துச்சு, நீங்க சொன்னதேதான்.

[படம் 6] [படம் 7]

பழமண்டி_ரவி
படம் 6 போதும், ஆந்த்ராக்னோஸ். படம் 7ஐ சேவ் பண்ணிக்கிறேன், எங்க ரூம் பசங்களுக்கு காட்டணும், நான் வாயால எத்தனை தடவை சொன்னாலும் புரியல, இது ஒரு பார்வைல புரியும்.

மரத்துக்கு பரவுமான்னு கேட்டிருந்தீங்க. அந்த பூஞ்சை காய்ஞ்ச இலைலயும் உதிராம ஒட்டிக்கிட்டிருக்கிற பழைய பூவுலயும்தான் தங்கும், மழைத் தண்ணி தெறிச்சு காய்க்கு ஏறும். அதனால இந்த தோலை பூவன் அடியில கொட்டாதீங்க, தள்ளி மண்ணுல புதைங்க. காய்ஞ்ச இலையை அறுத்து எடுங்க, காய் நுனில காய்ஞ்சு தொங்குற பூவை கிள்ளி விடுங்க. மரம் சாகாது, அந்த பயம் வேணாம்.

சேலம்_செந்தில்
நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் கயல், மொத்தத்தையும் தூக்கி போடுங்கன்னு சொன்னது தப்பு, நல்ல பழம் எட்டு வீணாகியிருக்கும். ஒரு கேள்வி மட்டும். கறை இருக்கிற பழத்துல அந்த எடத்தை மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மிச்சத்தை சாப்பிடலாமா?

பழமண்டி_ரவி
கறை தோலோட நின்னு, கீழ சதை கெட்டியா, வாடை இல்லாம இருந்தா நான் தாராளமா வெட்டிட்டு சாப்பிடுவேன். சதை எளகி புளிச்ச வாடை வந்துட்டா முழுசா போட்டுடுவேன். குழந்தைக்குன்னா கறை பழமே வேணாம்.

பள்ளி_ஆய்வகம்_திலகா
நான் அதுல ஒத்துக்க மாட்டேன். பூஞ்சை கண்ணுக்கு தெரியுற எடத்தோட நிக்கும்னு எப்படி சொல்ல முடியும்? ஒரு பழத்தோட விலைக்கு அந்த ரிஸ்க் எதுக்கு. வீட்டுல நான் போட்டுடுவேன்.

பழமண்டி_ரவி
உங்க பக்கமும் நியாயம் இருக்கு மேடம், நான் என் வழக்கத்தை சொன்னேன், அவ்வளவுதான்.

யாழ்_வாழைத்தோட்டம்
கயல் அக்கா, உங்கட அந்த ரெண்டு வட்டம் வச்ச படத்தை அம்மாவுக்கு காட்டினன், உடனே பிரிட்ஜில கிடந்த கப்பல் காய் ரெண்டையும் எடுத்து வெளிய வச்சிட்டா. நேற்று இரவுதான் வச்சவ, ஒரு இரவுதான். அது பழுக்குமோ ரவி அண்ணா?

பழமண்டி_ரவி
ஒரு ராத்திரின்னா பழுக்கவும் வாய்ப்பு இருக்கு, பழுக்காம போகவும் வாய்ப்பு இருக்கு, கப்பல் நான் கையாண்டதில்ல, ரகத்துக்கு ரகம் தாங்குற அளவு மாறும். நகத்தால தோலை லேசா சுரண்டி பாருங்க, அடியில நரம்பு வெளிர் பச்சையா இருந்தா நம்பிக்கை இருக்கு, பழுப்பா இருந்தா இன்னைக்கே கறிக்கு வெட்டிடுங்க.

யாழ்_வாழைத்தோட்டம்
சுரண்டினன். ஒண்டில வெளிர் பச்சைதான், மற்றதில காம்புப் பக்கம் மட்டும் மெல்லிசா ஒரு பழுப்புக் கோடு. ரெண்டையும் வச்சுப் பாக்கிறன், ஞாயிறு எழுதுறன்.